கூடுதல் அவகாசம் கேட்டு வாடிக்கையாளருக்குக் கடிதம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் டீமில் புதிதாக வாடிக்கையாளரோடு பேச ஆரம்பிக்கும் எல்லோரும் ஒருநாள் என் மேஜைக்கு வந்து நிற்பார்கள். "கெடு தவறப்போகிறது, மெயில் எப்படி எழுதுவது?" கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். அதனால் பதில்களை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன்.

எல்லாவற்றுக்கும் ஒரே உதாரணம். பல கிளைகள் உள்ள ஒரு நிறுவனத்துக்கு இருப்புக் கணக்கு மென்பொருள் செய்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மே 5, திங்கள் ஆரம்பம். ஜூன் 20, வெள்ளி ஒப்படைப்பு. வேலையை 24 துண்டாகப் பிரித்திருக்கிறோம், செய்வது இரண்டு பேர். இன்று ஜூன் 9, திங்கள் காலை.

கெடு தவறும்னு எப்போ உறுதியா தெரியும்? கடைசி வாரம் வரை பார்த்துட்டு எழுதலாமா?

உறுதியாகத் தெரியும்வரை காத்திருந்தால் கெடுவே வந்துவிடும். மொத்தம் ஏழு வாரத்தில் 24 வேலை என்றால் ஐந்து வாரம் முடிந்த நிலையில் 17 முடிந்திருக்க வேண்டும். முடிந்தது 15. இரண்டு வேலைதானே, ஓடிப் பிடித்துவிடலாம் என்று தோன்றும். ஐந்து வாரமாக வாரத்துக்கு மூன்று முடித்தவர்கள், மீதி இரண்டு வாரத்தில் ஒன்பது முடிக்க வேண்டும். அதாவது வேகம் ஒன்றரை மடங்காக வேண்டும். அதற்குப் புதிதாக என்ன நடக்கப்போகிறது என்று உங்களையே கேளுங்கள். பதில் இல்லை என்றால் இன்றே எழுதுகிற நாள்.

வாடிக்கையாளரின் பக்கத்திலிருந்தும் பாருங்கள். ஜூன் 20க்கு மறுவாரம் அவர் ஊழியர்களுக்குப் பயிற்சி வைத்திருக்கலாம், பழைய முறையை நிறுத்தவும் நாள் குறித்திருக்கலாம். 11 நாள் முன்னால் சொன்னால் அவரால் அதை மாற்ற முடியும். 19ஆம் தேதி சாயங்காலம் சொன்னால் அது அவகாசம் கேட்பது ஆகாது, தகவல் சொல்வது மட்டும்தான்.

போனில் பேசிட்டா போதாதா? எதுக்குக் கடிதம்?

போன் முதலில், கடிதம் அன்றே பின்னால். இப்படிப்பட்ட செய்தியை முதன்முதலாக மெயிலில் பார்ப்பது யாருக்கும் பிடிக்காது. ஆனால் போனில் சொன்ன தேதியை அவர் தன் மேலாளரிடம் சொல்லும்போது "இந்த மாதக் கடைசி" என்று ஆகிவிடும். உங்களிடம் பேசியவர் தன் அலுவலகத்தில் காட்ட ஒரு தாள் வேண்டும். கடிதத்தின் உண்மையான வாசகர் பல நேரம் அந்த மேலாளர்தான். நடந்த எதையும் அறியாதவர் அவர். அவருக்கும் புரிகிற மாதிரி எழுதுங்கள்.

"எதிர்பாராத காரணங்களால் சற்று அவகாசம் தேவை"ன்னு எழுதினா மரியாதையாத்தானே இருக்கு?

மரியாதையாக இருக்கிறது, ஆனால் ஒன்றும் சொல்லவில்லை. "சற்று" என்றால் எத்தனை நாள்? "எதிர்பாராத" என்றால் இனியும் எதிர்பாராதது வருமா? படிப்பவருக்கு இந்த இரண்டு சந்தேகமும் வந்தால், நீங்கள் எவ்வளவு பணிவாக எழுதியிருந்தாலும் அடுத்த நிமிஷம் போன் அடிப்பார்.

வேலை நிலவரத்தை வைப்பது இதற்காகத்தான். எது முடிந்தது, எது கையில் இருக்கிறது, எது தொடங்கவில்லை, எது யாருக்காகக் காத்திருக்கிறது. இந்த நான்கும் ஒரு பத்தியில் இருந்தால், புதுத் தேதி எங்கிருந்து வந்தது என்பது அவருக்கே தெரியும். நம்புங்கள் என்று நீங்கள் தனியாகக் கேட்க வேண்டியதில்லை.

எத்தனை சதவீதம் முடிஞ்சதுன்னு போட்டா சுலபமா இருக்குமே?

நான் பட்ட பாடு ஒன்றைச் சொல்கிறேன். ஒரு வேலையில் மூன்று வாரம் தொடர்ந்து "90 சதவீதம் முடிந்துவிட்டது" என்று எழுதினேன். மூன்றாவது வாரம் வாடிக்கையாளர் அம்மா போன் செய்து, "போன வாரமும் இதேதானே எழுதியிருந்தீங்க?" என்று நிதானமாகக் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. நான் பொய் சொல்லவில்லை. செய்து முடித்ததைப் பார்த்து மனசில் தோன்றிய எண்ணைப் போட்டிருந்தேன். மிச்சமிருந்த பத்து சதவீதத்துக்குள் சோதனையும் திருத்தமும் பழைய தரவை ஏற்றுவதும் ஒளிந்திருந்தன.

அதற்குப் பிறகு நான் வைத்திருக்கும் விதி: ஒரு வேலை முடிந்தது, அல்லது முடியவில்லை. நடுவில் ஒன்றும் கிடையாது. "முடிந்தது" என்றால் வாடிக்கையாளர் தரப்பில் ஒருவர் திறந்து பார்த்து "சரி" என்று சொன்னது. எழுதியாகிவிட்டது, இன்னும் சோதிக்கவில்லை என்றால் அது "நடக்கிறது" பக்கம்தான். முதல்முறை இப்படிக் கணக்கெடுக்கும்போது எண் பயங்கரமாகக் குறையும், மனசு கேட்காது. ஆனால் அடுத்த வாரம் அந்த எண் பின்னால் போகாது.

நம் உதாரணத்தில் 24இல் 15 முடிந்தது, 5 நடக்கிறது, 3 தொடங்கவில்லை, 1 காத்திருக்கிறது. கடிதத்தில் இதை அப்படியே எழுதுங்கள். 15ஐ 24ஆல் வகுத்து சதவீதம் போட வேண்டாம்.

புதுத் தேதியை எப்படிக் கண்டுபிடிக்கிறது? குத்துமதிப்பா சொல்லலாமா?

இரண்டு வழியில் கணக்குப் போட்டு ஒப்பிட்டுப் பாருங்கள். முதல் வழி, மிச்ச வேலையைக் கூட்டுவது. வேலை செய்கிறவர்களிடமே கேட்டோம். நடக்கும் ஐந்துக்கு மொத்தம் 9 ஆள்நாள், தொடங்காத மூன்றுக்கு 8, காத்திருக்கும் ஒன்றுக்கு 7. ஆக 24 ஆள்நாள். இரண்டு பேர் என்பதால் 12 வேலை நாள். இன்றிலிருந்து எண்ணினால் ஜூன் 24 வருகிறது. நாலு நாள்தான் தாமதம்! சந்தோஷமாக இருக்கும்.

இரண்டாவது வழி, இதுவரை போன வேகம். வாரத்துக்கு மூன்று வேலை முடிந்திருக்கிறது, மிச்சம் ஒன்பது. அப்படியானால் மூன்று வாரம், ஜூன் 27. முதல் கணக்குக்கும் இதற்கும் ஏன் வித்தியாசம்? ஒரு ஆள்நாள் என்று சொல்லும்போது காலை முதல் மாலை வரை அந்த ஒரே வேலையைச் செய்வதாகத்தான் நினைத்துச் சொல்கிறோம். கூட்டம், மெயில், முடிந்த பகுதியில் வந்த திருத்தம் எதுவும் அந்த நினைப்பில் இல்லை. வேகக் கணக்கில் அவையெல்லாம் ஏற்கெனவே கழிந்திருக்கின்றன. அதனால் இரண்டில் பின்னால் வருகிற தேதியை எடுங்கள். ஒரு எச்சரிக்கை: துண்டுகள் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தால்தான் வேகக் கணக்கு நிற்கும். சின்னதையெல்லாம் முதலில் முடித்துவிட்டுப் பெரியதைக் கடைசிக்கு வைத்திருந்தால், பெரியதை இன்னும் பிரித்துவிட்டு எண்ணுங்கள்.

ஜூன் 27 நம் வேலை முடியும் நாள். வாடிக்கையாளர் முழுதாக ஓட்டிப் பார்த்துச் சொல்லும் திருத்தங்களுக்கு மூன்று வேலை நாள் வேண்டும். ஜூன் 30, ஜூலை 1, ஜூலை 2. ஆகவே நாம் கேட்கப்போவது ஜூலை 2.

பாதுகாப்பா இருக்கட்டும்னு இன்னும் ரெண்டு வாரம் கூட்டிக் கேட்டா என்ன?

நிலவரப் பட்டியலோடு கேட்கும்போது அது முடியாது. பட்டியலைப் பார்ப்பவர் தானும் கணக்குப் போடுவார். ஒன்பது வேலைக்கு ஐந்து வாரம் ஏன் என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? கூடுதலாக எதற்காவது நாள் வேண்டும் என்றால், மேலே திருத்தத்துக்கு மூன்று நாள் என்று பெயர் சொல்லி வைத்தது மாதிரி வையுங்கள்.

அதே சமயம் பயந்து ஜூன் 24 என்று எழுதுவது இதைவிட மோசம். அடுத்த கடிதம் 23ஆம் தேதி எழுத வேண்டிவரும்.

தாமதத்துக்கு அவங்களும் காரணம். அதை எழுதினா குறை சொல்ற மாதிரி ஆகாதா? எழுதாம விட்டா பழி முழுக்க நமக்குத்தானே?

எல்லோரும் திணறும் இடம் இதுதான். நம் உதாரணத்தில் பழைய பொருள் பட்டியலை அவர்கள் மே 19க்குள் தருவதாக இருந்தது. இன்னும் வரவில்லை. இதைப் பார்த்தவுடன் முழுத் தாமதத்தையும் அதன் தலையில் கட்டத் தோன்றும். ஆனால் ஒன்று யோசியுங்கள்: பட்டியல் மே 19 அன்றே வந்திருந்தால் ஜூன் 20க்கு முடித்திருப்போமா? மாட்டோம். கிளைவாரி இருப்பு அறிக்கைக்கு 4 நாள் என்று கணித்தது 9 நாள் இழுத்தது. ஒரு கிளையிலிருந்து கிளம்பி இன்னொரு கிளைக்குப் போய்ச் சேராத சரக்கை யார் கணக்கில் காட்டுவது என்று நாம் ஆரம்பத்திலேயே கேட்கவில்லை. அது நம் தவறு, அதை முதலில் எழுதுங்கள்.

அவர்கள் பக்கத்தைக் காரணமாக எழுதாமல், இனி வேண்டியதாக எழுதுங்கள். "நீங்கள் பட்டியல் தராததால் தாமதம்" என்பதற்குப் பதில் "பட்டியல் ஜூன் 18க்குள் கிடைத்தால் ஜூலை 2 மாறாது". மே 19 என்ற பழைய தேதியை ஓரிடத்தில் சாதாரணமாகக் குறிப்பிட்டால் போதும், பதிவு இருக்கும். யார், எப்போது என்பதை அவரே சேர்த்துப் படித்துக்கொள்வார்.

18 என்பதும் சும்மா போட்டதல்ல. காத்திருக்கும் அந்த ஒரு வேலை, பட்டியலை மென்பொருளில் ஏற்றுவது. அது ஜூன் 27க்குள் முடிய ஐந்து நாள் வேண்டும், அதாவது 23 அன்று தொடங்க வேண்டும். அதற்கு முன் 19, 20 இரண்டு நாளும் பட்டியலைச் சரிபார்க்க. இப்படி வரும் பட்டியல்களில் ஒரே பொருள் இரண்டு எண்ணில் இருக்கும், சிலவற்றுக்கு அளவே இருக்காது. சரிபார்க்காமல் ஏற்றினால் அந்தக் குப்பையெல்லாம் புது மென்பொருளின் குறையாகத்தான் தெரியும்.

எத்தனை தடவை மன்னிப்புக் கேக்கணும்? தங்கள்னு எழுதணுமா, உங்கள்னா?

ஒரு தடவை, ஆரம்பத்திலேயே. மூன்று இடத்தில் வருந்தினால் படிப்பவர் உங்களைத் தேற்ற வேண்டியதாகிவிடும். "தவிர்க்க இயலாத", "தயைகூர்ந்து", "பெரிய மனது வைத்து" எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். "தாமதம் ஏற்பட்டுவிட்டது" என்று எழுதாமல் "எங்களால் முடிக்க இயலவில்லை" என்று எழுதுங்கள். தாமதம் தானாக ஏற்படுவதில்லை.

தங்கள், உங்கள் இரண்டும் சரி. இதுவரை அவருக்கு எப்படி எழுதி வந்தீர்களோ அப்படியே. வழக்கமாக "உங்கள்" என்று எழுதுபவர் திடீரென்று "தங்கள் மேலான" என்று தொடங்கினால், கடிதத்தைத் திறக்கும்போதே ஏதோ வில்லங்கம் என்று தெரிந்துவிடும். கலந்து மட்டும் எழுதாதீர்கள்.

முழுக் கடிதம் ஒண்ணு காட்ட முடியுமா?

மேலே போட்ட கணக்கெல்லாம் இதில் எப்படி உட்காருகிறது என்று பாருங்கள்.

> பொருள்: இருப்புக் கணக்கு மென்பொருள் ஒப்படைப்பை ஜூன் 20இலிருந்து ஜூலை 2க்கு மாற்ற வேண்டுகோள்
>
> மதிப்பிற்குரிய அம்மா,
>
> வணக்கம். இன்று காலை போனில் பேசியதை எழுத்தில் அனுப்புகிறேன். ஜூன் 20 அன்று தருவதாகச் சொன்ன மென்பொருளை அந்தத் தேதிக்குள் முழுமையாக முடிக்க எங்களால் இயலவில்லை. இதற்காக வருந்துகிறோம். ஜூலை 2, புதன்கிழமை வரை அவகாசம் தருமாறு கேட்டுக்கொள்கிறோம்.
>
> ஜூன் 6 மாலை நிலவரப்படி 24 வேலைகளில் 15 முடிந்து, உங்கள் அலுவலகத்தில் சரிபார்க்கப்பட்டுள்ளன. 5 நடந்துகொண்டிருக்கின்றன. 3 இன்னும் தொடங்கவில்லை. பழைய பொருட்களை ஏற்றும் வேலை ஒன்று, பட்டியலுக்காகக் காத்திருக்கிறது. முழுப் பட்டியலை இணைத்துள்ளேன்.
>
> கிளைவாரி இருப்பு அறிக்கைக்கு 4 நாள் போதும் என்று கணித்தோம், 9 நாள் ஆனது. வழியில் இருக்கும் சரக்கை எந்தக் கிளையில் காட்டுவது என்பதை நாங்கள் முன்பே கேட்டிருக்க வேண்டும்.
>
> ஏற்கெனவே முடிந்த சரக்கு வரவு, கிளை மாற்றம், பயனர் அனுமதி ஆகிய மூன்று பகுதிகளையும் ஜூன் 20 அன்றே உங்கள் ஊழியர்கள் பயன்படுத்தலாம். மீதி வேலைகள் ஜூன் 27க்குள் முடியும். ஜூன் 30 முதல் ஜூலை 2 வரை நீங்கள் சொல்லும் திருத்தங்களைச் செய்வோம்.
>
> உங்களிடமிருந்து ஒன்று வேண்டும். மே 19 என்று குறித்திருந்த பழைய பொருள் பட்டியல் ஜூன் 18க்குள் கிடைத்தால் இந்தத் தேதி மாறாது. சரிபார்க்க 2 நாளும் ஏற்ற 5 நாளும் தேவைப்படுகிறது. 18க்குப் பிறகு கிடைத்தால் ஜூலை 2உம் அத்தனை வேலை நாள் தள்ளிப்போகும்.
>
> இந்த மாற்றத்தால் உங்கள் திட்டத்தில் எது பாதிக்கிறது என்று சொன்னால், எந்தப் பகுதியை முதலில் முடிப்பது என்பதை அதற்கேற்ப மாற்றிக்கொள்கிறோம். ஜூன் 12க்குள் உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்.
>
> நன்றியுடன்,

முதல் பத்தியிலேயே வேண்டுகோள் வந்துவிட்டது, கவனியுங்கள். நாலு பத்தி காரணம் சொல்லிவிட்டுக் கடைசியில் தேதி கேட்பது நம் ஊறிப்போன பழக்கம். மொபைலில் படிப்பவர் அதுவரை வரமாட்டார். மூன்று பகுதிகளைப் பழைய தேதியிலேயே தருவதும் முக்கியம். 12 நாள் வெறும் கையோடு காத்திருக்கச் சொல்வது வேறு, பாதியைக் கொடுத்துவிட்டுக் கேட்பது வேறு.

24 வரியும் இணைக்கணுமா? நம்ம உள்குழப்பம் எல்லாம் வெளியே தெரியுமே?

இணையுங்கள், ஆனால் நம் உள்பட்டியலை அப்படியே அல்ல. எக்செலில் நான்கு நெடுவரிசை போதும்: வேலையின் பெயர், நிலை, முடிந்த நாள் அல்லது முடியும் நாள், யாரிடமிருந்து என்ன வேண்டும். பெயர்கள் அவர் திரையில் பார்ப்பதாக இருக்கட்டும். "டேபிள் மாற்றம் 2" என்றால் அவருக்கு ஒன்றுமில்லை, "கிளை மாற்றச் சீட்டு அச்சிடுவது" என்றால் புரியும். நம் ஆட்களின் பெயர் வேண்டாம்.

அனுப்பும் முன் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். கடிதத்தில் 15 என்றும் இணைப்பில் 14 என்றும் இருந்தால் மற்ற எதையும் அவர் நம்பமாட்டார். நிலவரம் எந்த நாளுடையது என்பதையும் தலைப்பில் போடுங்கள்.

"இன்னும் ரெண்டு பேரைப் போட்டு ஜூன் 20க்கே முடிங்க"ன்னு சொல்லிட்டா?

நியாயமான கேள்விதான், உடனே மறுக்காதீர்கள். ஆனால் 1975லேயே மென்பொருள் பொறியாளர் ஃப்ரெட் புரூக்ஸ் சொன்னது: தாமதமான மென்பொருள் வேலையில் ஆளைச் சேர்த்தால் இன்னும் தாமதமாகும். புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கப் போவது ஏற்கெனவே வேலை செய்யும் அந்த இரண்டு பேர்தான். மிச்சமிருக்கும் பத்து நாளில் முதல் சில நாள் அதிலேயே போய்விடும்.

பதிலில் இதைச் சொல்லிவிட்டு வேறொன்றைக் கொடுங்கள். தொடங்காத மூன்றில் ஜூன் 20க்கு அவருக்குத் தேவையில்லாதது எது என்று கேளுங்கள். பெரும்பாலும் ஏதாவது ஒரு அறிக்கை இருக்கும், மாதக் கடைசியில்தான் அவருக்கு வேண்டியிருக்கும். தேதியைக் குறைக்க முடியாவிட்டாலும் வேலையைக் குறைக்க முடியும்.

ஒப்பந்தத்துல தாமதத்துக்கு அபராதம் இருக்கு. அப்பவும் இப்படியே எழுதலாமா?

எழுதும் முன் ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். மூன்றைத் தேடுங்கள்: நீட்டிப்பு எத்தனை நாள் முன்னால் கேட்க வேண்டும், யாருக்கு எந்த வடிவில் அனுப்ப வேண்டும், எந்தக் காரணங்கள் செல்லும். கெடுவைத் தவறவிடுவதைவிட, அறிவிக்க வேண்டிய நாளைத் தவறவிடுவது சில ஒப்பந்தங்களில் பெரிய இழப்பு. கட்டுமான வேலைகளில் புழங்கும் ஃபிடிக் என்ற சர்வதேச ஆலோசனைப் பொறியாளர் கூட்டமைப்பு வெளியிடும் மாதிரி ஒப்பந்தத்தின் 1999 பதிப்பில், காரணம் தெரிந்த 28 நாளுக்குள் ஒப்பந்ததாரர் அறிவிக்காவிட்டால் அந்தக் காரணத்தைக் காட்டிக் கால நீட்டிப்புக் கோரும் உரிமையே போய்விடும். பட்டியல் வராத விஷயத்தை மே 20 அன்றே ஒரு வரி மெயிலில் எழுதியிருக்க வேண்டும் என்று நான் நச்சரிப்பது இதனால்தான்.

தவறை முதலில் ஒப்புக்கொள்ளுங்கள் என்று மேலே சொன்னதும் இங்கே யோசித்துச் செய்ய வேண்டியது. அபராதம் பெரிய தொகையாக இருந்தால், அந்தப் பத்தியை வழக்கறிஞரிடம் காட்டிவிட்டு அனுப்புங்கள். உண்மையை மாற்றச் சொல்லமாட்டார், வார்த்தையை மாற்றுவார்.

ஜூன் 12 போயிடுச்சு, பதிலே வரலை. சம்மதம்னு எடுத்துக்கலாமா?

கூடாது. "பதில் வராவிட்டால் சம்மதமாகக் கொள்கிறோம்" என்று கடிதத்தில் எழுதுபவர்களும் உண்டு, எனக்கு அது பிடிக்காது. கேட்பது நாம், நிபந்தனையும் நாமே போடுவதா? 13 காலை போன் செய்யுங்கள். அவர் "சரி சரி, பார்த்துக்கலாம்" என்றால், "நீங்கள் சொன்னபடி ஜூலை 2 என்று குறித்துக்கொள்கிறேன்" என்று அதே மெயிலுக்குக் கீழேயே ஒரு வரி அனுப்பிவிடுங்கள்.

ஆள் அகப்படவே இல்லை என்றால், ஜூன் 20 அன்று தருவதாகச் சொன்ன மூன்று பகுதிகளை எப்படியும் கொடுத்துவிடுங்கள். அன்று கட்டாயம் யாராவது பேசுவார்கள்.

ஜூலை 2உம் முடியாதுபோல இருக்கு. மறுபடி எந்த முகத்தோட கேக்கிறது?

முதலில், அது பட்டியலால் தள்ளிப்போனதா என்று பாருங்கள். பட்டியல் 23ஆம் தேதி வந்திருந்தால் மூன்று வேலை நாள் தாமதம், புதுத் தேதி ஜூலை 7, திங்கள். முதல் கடிதத்திலேயே சொன்னதுதான். அதைப் பட்டியல் கைக்கு வந்த அன்றே நினைவூட்டினால் போதும், இன்னொரு வேண்டுகோள் தேவையில்லை.

நம்மால் தள்ளிப்போகிறது என்றால், இரண்டாவது கடிதத்தில் பழைய பட்டியலையே திரும்ப இணையுங்கள், பக்கத்தில் இன்றைய நிலையோடு. ஜூன் 6 நிலவரத்தில் மிச்சம் என்று சொன்ன ஒன்பதில் எது முடிந்தது, எது முடியவில்லை, புதிதாக எது முளைத்தது என்பது தெரிய வேண்டும். பழையதை மறைத்துப் புதுப் பட்டியல் அனுப்பினால், அவர் பழையதைத் தேடி எடுத்து ஒப்பிடுவார். முதல் கணிப்பு எங்கே பிசகியது என்று இரண்டு வரி எழுதுங்கள். தேதி கேட்பதை டீமின் பெரியவர் கேட்கட்டும், நேரில் போக முடிந்தால் நேரில். இந்தத் தடவையும் மெயில் அதற்குப் பிறகுதான்.